ஏரிக்கரையா, காடா, மலையா? ஓய்வு என்றால் என்ன என்பதில் ஒத்துப்போகாத தம்பதிக்கு

ஒருவருக்கு ஓய்வு என்றால் எட்டரை மணி வரை தூக்கம், அப்புறம் வராந்தாவில் ஒரு நாற்காலி, கையில் காபி. இன்னொருவருக்கு ஓய்வு என்றால் விடிவதற்குள் ஷூவைக் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி ஒரு நடை. "ரூம்லயே உக்காந்திருக்கவா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்ற கேள்வியும், "வாரம் பூரா ஓடுறேன், இங்கயும் ஓடணுமா?" என்ற பதிலும் பல வீடுகளில் கேட்பவைதான்.

சென்னைத் தம்பதிகள் பெரும்பாலும் இந்தச் சண்டையை ஊர்ப் பெயரை வைத்துத் தீர்க்கப் பார்க்கிறார்கள். ஊட்டி என்றால் கூட்டம், கொடைக்கானல் என்றால் தூரம், மசினகுடி என்றால் பயம் என்று பேச்சு சுற்றிச் சுற்றி வரும். ஊர்ப் பெயரில் ஆரம்பித்தால் இது முடியாது. ஒரே 'கொடைக்கானல்' என்ற சொல்லைக் கேட்டு ஒருவர் கம்பளிக்குள் தூங்குவதை நினைக்கிறார், மற்றவர் பைன் மரக்காட்டில் நடப்பதை நினைக்கிறார். ஆகவே ஊரைக் கடைசியில் வைத்துக்கொண்டு, நாளில் இருந்து ஆரம்பிக்கலாம்.

முதலில் ஒரு நாளை எழுதுங்கள்

இருவரும் தனித்தனிக் காகிதத்தில், விடுமுறையின் நடுநாள் எப்படிப் போக வேண்டும் என்று மணிக்கணக்காக எழுத வேண்டும். ஊர்ப் பெயர் எதுவும் வரக் கூடாது. எத்தனை மணிக்கு எழுவது, முதல் காபி எங்கே, எத்தனை மணி நேரம் வெளியே, மதியம் என்ன, இருட்டிய பிறகு என்ன, எப்போது விளக்கை அணைப்பது. 'அமைதியாக', 'ஜாலியாக' போன்ற சொற்களை அடித்துவிட்டு, அந்த இடத்தில் செய்யும் காரியத்தை எழுதுங்கள்.

எழுதியதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நாள் முழுக்கச் சண்டை இல்லை என்பது தெரியும். மோதுகிற நேரம் பெரும்பாலும் இரண்டோ மூன்றோதான்: விடியற்காலை, காலைச் சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம், சாயங்காலம். மதியத் தூக்கத்தில் அநேகமாக இருவரும் ஒத்துப்போவார்கள். மோதுகிற மணிகளை மட்டும் வட்டமிட்டு வையுங்கள். தங்குமிடத்தைத் தேர்ந்தெடுப்பது அந்த வட்டங்களுக்காகத்தான்.

கேட்டைத் தாண்டும் சோதனை

இந்த வட்டங்களைத் தீர்க்க ஒரே ஒரு கேள்வி போதும். ஒருவர் அறையில் இருக்கும்போது, மற்றவர் தனியாக, கால்நடையாக, வண்டியும் துணையும் இல்லாமல் தங்குமிடத்தின் கேட்டைத் தாண்டிப் போய்த் திரும்பிவர முடியுமா? எந்த மணியிலிருந்து எந்த மணி வரை முடியும்?

ஏரிக்கரை, காடு, மலை மூன்றும் இந்தக் கேள்விக்கு வெவ்வேறு பதில் சொல்கின்றன. இயற்கைக் காட்சியில் எது உசத்தி என்பதைவிட, ஒத்துப்போகாத தம்பதிக்கு இந்த வேறுபாடுதான் முக்கியம்.

காட்டை முதலில் எடுத்துக்கொள்ளலாம், அதில்தான் ஏமாற்றம் அதிகம். முதுமலை, மசினகுடி, டாப்ஸ்லிப் போன்ற இடங்களில் தங்கினால் கேட்டைத் தாண்டித் தனியாக நடக்க முடியாது. யானை, கரடி, காட்டுமாடு, சிறுத்தை நடமாடும் இடம், அது விலங்கின் பாதை. இருட்டிய பிறகு அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடம் வரைகூட ஊழியர் டார்ச் அடித்துக் கூட்டிப்போகும் இடங்கள் உண்டு. வெளியே போக வேண்டுமென்றால் சஃபாரி வண்டிதான், அதுவும் விடிந்ததும் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஆக, நடக்க ஆசைப்படுபவருக்கு நடை இல்லை, தூங்க ஆசைப்படுபவரை ஐந்தரைக்கு எழுப்பியாக வேண்டும். நாளின் கடிகாரம் காட்டின் கையில் இருக்கிறது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, பலருக்குத் தெரியாது. காலை பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை காட்டில் ஒன்றுமே நடக்காது. வெயிலில் விலங்குகள் நிழலுக்குள் போய்விடும், யாரும் யாரையும் எங்கேயும் கூப்பிட மாட்டார்கள். சோம்பலை விரும்புபவருக்கு இந்த ஐந்து மணி நேரம் முழுசாகக் கிடைக்கும். அத்துடன் முதுமலையில் வனத்துறையின் சஃபாரி வேனில் ஆளுக்கு ஒரு சீட்டு என்ற கணக்கில் போகலாம், ஒருவர் மட்டும் போய்வர முடியும். தனியார் ஜீப் என்றால் வண்டிக்குத்தான் காசு, ஒருவர் போனாலும் அதே தொகை. 'நைட் சஃபாரி' என்று மசினகுடிப் பக்கம் யாராவது அழைத்தால் ஏறாதீர்கள். அது சட்டவிரோதம், பிடிபட்டால் வண்டியில் இருப்பவர்களுக்கும் தொல்லை.

மசினகுடிப் பக்கம் அறை எடுப்பதற்கு முன் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சீகூர் யானை வழித்தடத்தை உறுதிசெய்து 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன் 2018லேயே அந்த வழித்தடத்தில் இருந்த பல ரிசார்ட்டுகளை மூடி முத்திரையிட உத்தரவானது. ஆகவே இணையத்தில் படம் அழகாக இருக்கிறது என்பது மட்டும் போதாது. அந்த இடம் இப்போது அனுமதியோடு நடக்கிறதா என்று கேட்டு, ரசீது தருவார்களா என்றும் கேளுங்கள். ரசீது என்றதும் பேச்சு மழுப்பலானால் வேறிடம் பாருங்கள்.

ஏரிக்கரை நேர் எதிர். கரையோரச் சாலை சமதரை, சுற்றி வந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும், வழி தவறவே முடியாது. நடப்பவர் ஒரு சுற்று போய்வரலாம். உட்காருபவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே உட்காரலாம். தண்ணீருக்கு ஒரு குணம் உண்டு, அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவரை யாரும் 'சும்மா இருக்கிறாய்' என்று சொல்வதில்லை.

ஆனால் தமிழ்நாட்டில் 'ஏரிக்கரைத் தங்குமிடம்' என்ற சொல்லை நம்புவதில் சிக்கல் இருக்கிறது. சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகள் பாசனத்துக்காக வெட்டப்பட்ட, மழையை நம்பிய ஏரிகள். வேடந்தாங்கல் போன்ற இடத்தில் பறவைகளும் தண்ணீரும் நவம்பரிலிருந்து மார்ச் வரைதான், மே மாதம் போனால் வெடித்த மண்ணைப் பார்த்துத் திரும்பலாம். பழவேற்காடு பெரிய உப்பங்கழி, ஒரு பகல் போய்வர நல்லது, தங்கும் வசதி குறைவு. ஏலகிரி, ஏற்காடு, கொடைக்கானல், ஊட்டி ஏரிகளில் வருடம் முழுக்கத் தண்ணீர் எதிர்பார்க்கலாம். அங்கே ஏரி என்பது ஊரின் நடுச்சந்தி. படகு இல்லம், பலூன் கடை, பஜ்ஜிக் கடை, வண்டிகளின் ஹாரன் எல்லாம் அங்கேதான். 'லேக் வியூ' அறை என்று சொல்வார்கள், அறைக்கும் ஏரிக்கும் நடுவே பஸ் போகும் சாலை இருக்கும். சமவெளியில் தண்ணீருக்குப் பக்கத்தில் தங்கினால் சாயங்காலம் ஆறு முதல் எட்டு வரை கொசுவும் உண்டு. வராந்தாவில் உட்காரத்தான் வந்தோம் என்றால், வராந்தாவுக்கு வலை இருக்கிறதா என்று கேட்பது நியாயமான கேள்வி.

உண்மையான நீர்க்கரைத் தங்கல் வேண்டுமென்றால் வேம்பநாட்டு ஏரிதான் சரி. சென்னையிலிருந்து ஆலப்புழா எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் மறுநாள் முற்பகலில் இறங்கலாம். அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது, படகு வீடு. மதியம் கிளம்பும் படகு வீட்டை, மீனவர்கள் வலை விரிக்கும் நேரம் என்பதால் சாயங்காலம் ஐந்தரை வாக்கிலேயே கரையில் கட்டிவிடுவார்கள். மறுநாள் காலை ஒன்பதுக்கு இறங்கச் சொல்வார்கள். குறைந்த கட்டணப் படகுகளில் ஏசி இரவு ஒன்பதுக்கு மேல்தான் ஓடும். படகுக்குள் இருவரும் ஒரே இடத்தில் அடைபட்டிருப்பீர்கள், நடப்பவருக்கு நடக்க இடமே கிடையாது. ஒத்துப்போகாத தம்பதிக்குப் படகு வீட்டைவிடக் கரையிலுள்ள ஹோம்ஸ்டே மேல். படகை இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

மலை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பகலில் கேட்டைத் தாண்டலாம், எஸ்டேட் சாலைகளில் நடக்கலாம், வெயில் உறைக்காது. ஆனால் இருட்டிய பிறகு கூடாது. ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் காட்டுமாடுகள் சாயங்காலம் சாலைக்கு வருவது வாடிக்கை. அமைதியாகத்தான் மேயும். ஆனால் வளைவு திரும்பியதும் பத்தடியில் நின்றால் நமக்கு ஓடவும் இடமிருக்காது. ஆறு மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்பதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

குளிரைப் பற்றியும் ஒரு கணக்கு சொல்லிவிடலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்குச் சற்று மேல் குறையும். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர், ஏற்காடு 1,500, கொடைக்கானல் 2,100. சென்னையில் 39 டிகிரி இருக்கும் மே மாதத்தில் ஏலகிரியில் 32 இருக்கும், அது சென்னையின் ஜனவரி மதியத்தைவிடச் சூடு. மேயில் 'மலைக்குப் போகிறோம்' என்று ஏலகிரிக்குப் போனவர்கள் ஃபேனைத் தேடுவது இதனால்தான். மே மாதத்தில் குளிர் வேண்டுமென்றால் 2,000 மீட்டருக்கு மேல் போக வேண்டும், அங்கே அந்த மாதம் கூட்டமும் மேலே ஏறியிருக்கும்.

பயண மணியைக் கழியுங்கள்

கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள். வீட்டுக் கதவைப் பூட்டுவதிலிருந்து அறைச் சாவி கைக்கு வரும் வரை எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். ஓய்வைத் தேடிப் போகும் ஒருவர் பயணத்தில் களைத்துப் போனால், முதல் நாள் முழுக்க அவர் எழுந்திருக்கவே மாட்டார். நடக்க வந்தவர் அதைத் தன்மீது காட்டும் அசட்டை என்று நினைப்பார். முதல் நாள் சண்டைகளில் பாதிக்குக் காரணம் ரயிலில் தூங்காததுதான்.

ஓர் உதாரணத்தை முழுசாகப் போட்டுப் பார்க்கலாம். வேளச்சேரியில் குடியிருக்கும் தம்பதி, பொங்கல் கூட்டம் அடங்கிய ஜனவரி கடைசி, சனி ஞாயிறோடு திங்கள் ஒரு நாள் லீவு, இரண்டு இரவு. மனைவியின் காகிதத்தில் ஐந்தே முக்காலுக்கு எழுவது, டீ, இரண்டு மணி நேர நடை, முற்பகலில் ஏதாவது ஓரிடம், சாயங்காலம் கடைத்தெரு, ஒன்பதரைக்குத் தூக்கம். கணவரின் காகிதத்தில் எட்டரைக்கு எழுவது, பதினொன்று வரை எங்கேயும் நகராமல் இருப்பது, மதியத் தூக்கம், சாயங்காலம் புத்தகம், பதினொன்றுக்குத் தூக்கம். மோதும் வட்டங்கள் மூன்று: ஐந்தே முக்காலிலிருந்து எட்டரை, பத்திலிருந்து பன்னிரண்டு, ஐந்திலிருந்து ஏழு. இரவில் விளக்கை அணைக்கும் ஒன்றரை மணி வித்தியாசம் நான்காவது, அதைப் பிறகு பார்க்கலாம்.

மசினகுடியை எடுத்தால், வெள்ளி இரவு எட்டு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். ஒன்பது மணி வாக்கில் சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ், காலை ஆறேகாலுக்கு மேட்டுப்பாளையம். அங்கிருந்து ஊட்டி சுமார் இரண்டு மணி நேரம். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக இறங்கினால் மசினகுடி 30 கிலோமீட்டர்தான், ஆனால் 36 ஊசி வளைவு கொண்ட அந்தச் சாலையில் வெளி மாவட்ட வண்டிகள் இறங்க அனுமதியில்லை. கூடலூர் வழியாகச் சுற்ற வேண்டும். காலைச் சாப்பாட்டையும் சேர்த்தால் மதியம் பன்னிரண்டுக்கு அறை, அதாவது 16 மணி நேரம். திங்கள் மதியம் இரண்டுக்குக் கிளம்பி, இரவு ரயிலைப் பிடித்து, செவ்வாய் காலை ஏழரைக்கு வீடு, பதினேழரை மணி நேரம். மொத்தம் முப்பத்து மூன்றரை மணி நேரப் பயணத்துக்கு 50 மணி நேரத் தங்கல், அப்புறம் செவ்வாய் காலை நேராக ஆபீஸ்.

ஏற்காட்டை எடுத்தால், சனி காலை ஐந்து மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பினால் ஆறு மணியை ஒட்டிக் கிளம்பும் கோவை எக்ஸ்பிரஸைப் பிடிக்கலாம். பதினொன்றுக்கு முன் சேலம். டாக்ஸியில் 20 ஊசி வளைவு ஏறி, பன்னிரண்டரைக்கு அறை. திங்கள் மதியம் மூன்றரைக்கு இறங்கினால், ஐந்தரை வாக்கில் சேலத்துக்கு வரும் அதே கோவை எக்ஸ்பிரஸ், இரவு பதினொன்றரைக்கு வீடு. போக ஏழரை, வர எட்டு, மொத்தம் பதினைந்தரை மணி நேரம். தங்கலுக்கு 51 மணி நேரம்.

தங்கும் நேரம் கிட்டத்தட்ட ஒன்று, பயணம் பாதிக்கும் குறைவு. மசினகுடி மோசமான இடம் என்று இதற்கு அர்த்தமில்லை. அதற்கு மூன்று இரவு வேண்டும், இருவரில் ஒருவராவது விலங்கைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற ஆசையோடு இருக்க வேண்டும். இந்தத் தம்பதியின் காகிதத்தில் நடை இருக்கிறது, விலங்கு இல்லை.

ஏற்காட்டுக்கு இரவு ரயிலும் உண்டு. நள்ளிரவுக்குச் சற்று முன் சென்னையில் ஏறினால் விடிகாலை நாலு மணி வாக்கில் சேலத்தில் இறக்கிவிடும். ஒரு நாள் மிச்சம் என்று பலர் இதைத்தான் பிடிக்கிறார்கள். ஆனால் அறை கிடைப்பது மதியம் பன்னிரண்டுக்கோ ஒரு மணிக்கோ. நடுவிலுள்ள எட்டு மணி நேரம் பையோடு ஏரிக்கரை பெஞ்சில் போகும். தூங்க ஆசைப்படுபவரை அழைத்துக்கொண்டு போவதற்கு இதைவிட மோசமான வழி கிடையாது. அதிகாலையில் அறை தருவோம் என்று வாட்ஸ்அப்பில் எழுத்தில் உறுதி வந்தால் மட்டும் இரவு ரயில்.

எந்த ஊர் என்பதைவிட எந்த இடம்

ஊர் முடிவானதும் பெரும்பாலானவர்கள் ஏரிக்குப் பக்கத்தில் அறை தேடுவார்கள். இந்தத் தம்பதிக்கு அது வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏரியைச் சுற்றி இருக்கும் சத்தம், வராந்தாவில் உட்காருபவரின் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் உதவாது. ஏரியிலிருந்து நான்கு முதல் எட்டு கிலோமீட்டர் தள்ளி, நாகலூர்ப் பக்கமோ மஞ்சக்குட்டைப் பக்கமோ, காப்பித் தோட்டத்துக்கு நடுவே உள்ள ஹோம்ஸ்டேயைப் பாருங்கள். அங்கே மரநிழலில் வண்டி அதிகம் போகாத சாலை கிடைக்கும். ஜனவரியில் காப்பிப் பழம் பறிப்பு முடியும் தறுவாயில் இருக்கும், காலையில் தோட்ட ஆட்கள் நடமாட்டம் உண்டு, தனியாக நடப்பவருக்கு அது தெம்பு. தோட்டத்துக்குள் இறங்குவதானால் கேட்டுவிட்டு இறங்க வேண்டும், அது தனியார் நிலம்.

தள்ளி இருப்பதன் குறை, அங்கே ஆட்டோ கிடைக்காது. அதனால் சேலம் டாக்ஸியை ஏறவும் இறங்கவும் மட்டும் பேசிவிட்டு, ஞாயிறு சாயங்காலத்துக்கு உள்ளூர் வண்டி ஒன்றை மூன்று மணி நேரத்துக்கு ஹோம்ஸ்டேக்காரரிடமே சொல்லி வைப்பது நல்லது.

அறையைப் பொறுத்தவரை நட்சத்திர மதிப்பீட்டைவிட மூன்று விஷயங்கள் முக்கியம். முதலாவது, படுக்கை அறைக்கும் வராந்தாவுக்கும் நடுவே மூடக்கூடிய கதவு. ஒருவர் ஐந்தே முக்காலுக்கு எழுந்து நடமாடும்போது மற்றவர் தூங்க வேண்டும், இரவில் ஒருவர் ஒன்பதரைக்குத் தூங்கும்போது மற்றவர் வராந்தாவில் படிக்க வேண்டும். நான்காவது வட்டம் இந்த ஒரு கதவில் தீர்ந்துவிடும். இரண்டாவது, அந்த வராந்தாவில் விளக்கும் ஒரு மின்கெட்டிலும். சமையலறை ஏழு மணிக்குத்தான் திறக்கும் என்றால், டீ இல்லாமல் நடக்கப் போகாதவர் டீக்காக மற்றவரை எழுப்புவார். மூன்றாவது, குளியலறை விளக்கைப் போட்டால் எக்ஸாஸ்ட் ஃபேனும் சேர்ந்து உறுமுகிறதா என்பது. சின்ன விஷயமாகத் தோன்றும், விடிகாலையில் அதுதான் அலாரம்.

போன் செய்து கேட்க வேண்டியவை

ஆப்பில் பணம் கட்டுவதற்கு முன் நேராக ஒரு போன். நீங்கள் போகும் தேதியில் ஆபீஸ் கூட்டமோ காலேஜ் பசங்களோ மொத்தமாக அறை எடுத்திருக்கிறார்களா என்பதுதான் முதல் கேள்வி. பத்து அறை உள்ள இடத்தில் ஆறு அறையை ஒரே கூட்டம் எடுத்திருந்தால், அன்று இரவு ஸ்பீக்கரும் கேம்ப் ஃபயரும் நிச்சயம். "எங்க இடம் ரொம்ப அமைதிங்க" என்று சொல்பவரிடம், "அந்த சனிக்கிழமை மத்த ரூம்ல யார் வர்றாங்க?" என்று கேட்டால்தான் விஷயம் வரும்.

அடுத்து வெந்நீர். ஹீட்டரா, விறகு பாய்லரா என்று கேளுங்கள். பாய்லர் என்றால் காலையில் குறிப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரம்தான் வெந்நீர் வரும், ஒன்பதரைக்குக் குளிப்பவருக்கு ஜனவரியில் அது தண்டனை. பிறகு காலைச் சாப்பாடு எத்தனை மணி வரை. எட்டரையிலிருந்து ஒன்பதரைக்குள் கிடைத்தால், நடந்து திரும்பியவரும் தூங்கி எழுந்தவரும் ஒரே மேசையில் உட்காரலாம். எட்டு மணிக்கே முடிந்துவிடும் என்றால் வேறு இடம் பாருங்கள். கடைசியாக, அந்த அறையின் கட்டிலில் நின்றுகொண்டு ஜன்னல் வரைக்கும், ஜன்னலுக்கு வெளியேயும் ஒரே வீடியோவாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். 'வியூ' என்பது எதிர் காட்டேஜின் தண்ணீர்த் தொட்டியா என்பது அதில் தெரிந்துவிடும்.

பதிவு செய்யும் வரிசையும் முக்கியம். ரயில் டிக்கெட் 60 நாளுக்கு முன் திறக்கும், அதுதான் முதலில். உட்காரும் இருக்கை உறுதியான பிறகு அறை, அதற்குப் பிறகு டாக்ஸி. நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ வண்டியில் போவதாக முடிவெடுத்தால் epass.tnega.org தளத்தில் இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதம் வந்த ஏற்பாடு இது. 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வைத்தார்கள். அறைக்குப் பணம் கட்டிவிட்டு வண்டிக்குப் பாஸ் கிடைக்காமல் நிற்பதைத் தவிர்க்க, அந்த ஊர்களுக்கு மட்டும் பாஸையும் அறையையும் ஒரே நாளில் முடியுங்கள். நீலகிரிக்கு அரசு பஸ்ஸில் ஏறுபவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

நடுநாளை எப்படிப் பிரிப்பது

நம் தம்பதியின் ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். ஜனவரியில் சூரியன் ஆறரைக்கு மேல்தான் எழும். அதனால் ஐந்தே முக்காலுக்கு எழுபவர் வராந்தாவில் டீ குடித்துவிட்டு, வெளிச்சம் வந்த பிறகு, ஆறரைக்குக் கேட்டைத் தாண்டினால் போதும். எந்தச் சாலை, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை முந்தின இரவே ஒரு சீட்டில் எழுதி மேசையில் வைத்துவிட வேண்டும், ஏனென்றால் தோட்டத்துக்குள் பல இடங்களில் சிக்னல் இருக்காது. ஒரு மணி நேரம் போய், அதே வழியில் ஒரு மணி நேரம் திரும்பி வருவதுதான் பாதுகாப்பு. புது ஊரில் சுற்றுப்பாதை வேண்டாம். ஏற்காட்டின் லூப் ரோடு 32 கிலோமீட்டர், 'கொஞ்சம் போனா வந்துரும்' என்று அதில் இறங்கினால் வராது.

எட்டரை மணிக்குத் திரும்பினால் இருவருக்கும் ஒன்றாகச் சாப்பாடு. இங்கேதான் ஒரு தவறு நடக்கும். நடந்து வந்தவர் பார்த்ததையெல்லாம் சொல்லிவிட்டு, "நீங்களும் வந்திருக்கலாம்" என்று முடிப்பார். அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் வேண்டாம். அதே மாதிரி, தூங்கி எழுந்தவர் "காலையிலயே எங்க சுத்திட்டு வர்ற?" என்று ஆரம்பிக்கக் கூடாது.

பத்திலிருந்து பன்னிரண்டு வரை உள்ள வட்டத்தை உட்காருபவருக்கே விட்டுவிடலாம், ஏனென்றால் நடந்தவரின் கால் அப்போது களைத்திருக்கும். அதற்கு ஈடாக ஐந்திலிருந்து ஏழு வரை உள்ள வட்டம் நடப்பவருக்கு. அதை மூன்றரைக்கே முன்னால் இழுத்து வையுங்கள். பேசி வைத்த வண்டியில் மூன்றரைக்குக் கிளம்பி, சேர்வராயன் கோயிலோ பகோடா பாயிண்டோ ஏதாவது ஓரிடம், பிறகு கடைத்தெருவில் மிளகும் காப்பித்தூளும், இருட்டுவதற்குள் அறை. ஓரிடம் என்றால் ஓரிடம்தான். டிரைவர்கள் ஒன்பது இடம் உள்ள பட்டியலைக் கையில் வைத்திருப்பார்கள், அதில் பாதி ஒரே பள்ளத்தாக்கை வேறு வேறு கம்பி வேலியிலிருந்து காட்டுபவை. ஏரியைப் பார்க்க ஆசையிருந்தால் திங்கள் காலை ஏழு மணிக்குப் போங்கள். படகு இல்லம் திறந்திருக்காது. ஆனால் கரை காலியாக இருக்கும், தூங்குபவரையும் எழுப்ப வேண்டியதில்லை.

மலையில் பனிமூட்டமோ மழையோ வந்து நடை போய்விட்டால் அந்த இரண்டு மணி நேரத்துக்கு என்ன என்பதையும் யோசித்து வையுங்கள். ஜனவரியில் வாய்ப்பு குறைவு. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையின்போது நடக்க ஆசைப்படுபவரை மலைக்கு அழைத்துப்போவது அவரை அறையில் பூட்டுவதற்குச் சமம். வால்பாறை, டாப்ஸ்லிப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையோடு அட்டையும் சேர்ந்துகொள்ளும். அந்த மாதங்களில் போய்த்தான் ஆக வேண்டும் என்றால், உட்காருபவரின் காகிதம் ஜெயிக்கும் பயணம் அது என்று முன்பே ஒத்துக்கொண்டு போங்கள். அடுத்த பயணத்தை நடப்பவர் தேர்ந்தெடுக்கட்டும்.

இறங்கும் நாள்

திங்கள் மதியச் சாப்பாட்டை ஒரு மணிக்கே, அரை வயிறாக முடித்துவிடுங்கள். வயிறு நிறைய பிரியாணியோடு 20 ஊசி வளைவு இறங்கினால் என்ன ஆகும் என்பது டாக்ஸிக்காரர்களுக்குத் தெரியும், சீட்டுக்குப் பின்னால் கவர் வைத்திருப்பார்கள். மலைப்பாதையில் தலைசுற்றுபவர் முன் சீட்டில் உட்கார்ந்து, போனைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். அவோமின் போன்ற மாத்திரை போடுவதாக இருந்தால் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, வண்டி கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், வளைவு ஆரம்பித்த பிறகு போட்டுப் பலனில்லை. தூக்கம் வரவழைக்கும் மாத்திரை அது, அதனால் சொந்த வண்டி ஓட்டுபவர் போடவே கூடாது. ஓட்டுபவர் இரண்டாவது கியரிலேயே இறங்கட்டும். நியூட்ரலில் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு இறங்கினால் பாதி வழியில் கருகிய வாடை வரும். வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி, பிரேக் ஆறும் வரை காத்திருக்க வேண்டும். ஏறி வரும் வண்டிக்கு வளைவில் வழி விட வேண்டும். இந்தத் தாமதங்களுக்காகத்தான் ஐந்தரை மணி ரயிலுக்கு மூன்றரைக்கே கிளம்பச் சொல்வது.